ஒரே நாட்டுக்காரர்களின் பெயர்கள் ஒரே மொழியில் பிறந்தவை போல ஒலிக்க என்ன செய்வது?

வடக்குக்காற்று

ஒரு கற்பனை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். யேமு என்றொரு மலைநாடு, கதைமாந்தர் பெரும்பாலும் அந்த நாட்டுக்காரர்கள். இப்போது இருக்கும் பெயர்கள்: தோரில், ஸார்க்வென், எல்தாமிர், மோக்ஷார், கேலை, ஜுவாரின். கேலையும் ஜுவாரினும் அண்ணன் தம்பி. முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த இருவருமே, சொல்லிவைத்தது போல, பெயர்கள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவை மாதிரி இருக்கின்றன என்றார்கள். அதனால் யேமுவுக்கென்று ஒரு மொழி இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் ஒலி விதிகளிலிருந்தே எல்லாப் பெயரையும் எடுக்கப் பார்க்கிறேன். 22 மெய், 10 உயிர் என்று பட்டியல் போட்டேன், அப்புறம் அவற்றைக் கலந்து கலந்து எழுதினால் பழைய பெயர்கள் போலவேதான் வருகின்றன. முழு மொழியை உருவாக்கும் எண்ணம் இல்லை, பெயர்களுக்குத் தேவையான அளவு போதும். எங்கிருந்து தொடங்குவது?

நற்பெயர்க்களஞ்சியம்

வணக்கம். வேற்று மொழிச் சாயல் எதற்கு, நம்மிடமே அருமையான பெயர்கள் இருக்கின்றனவே. ஆதன், எழினி, நன்னன், அதியன், கிள்ளி, செம்பியன். பெண்களுக்கு ஆதிமந்தி, நக்கண்ணை. இவற்றை வைத்தால் எல்லாம் ஒரே மொழியாகிவிடும். இன்னும் வேண்டுமென்றால் பட்டியல் அனுப்புகிறேன்.

வடக்குக்காற்று

அழகான பெயர்கள், ஆனால் நான் கேட்டது வேறு. கதை நடப்பது இல்லாத ஓர் உலகத்தில். எழினி என்று வைத்தால் வாசகர் சங்க காலத்துக்குப் போய்விடுவார், அது இந்தக் கதைக்கு உதவாது.

மெய்ம்மயக்கம்

உங்கள் பட்டியலில் 22 மெய் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். ஒரு மொழியின் சாயல் அதில் இருக்கும் ஒலிகளைவிட இல்லாத ஒலிகளால்தான் அதிகம் தெரியும், அதுவும் எந்த ஒலி எந்த இடத்தில் வரக்கூடாது என்பதால். ஜப்பானியப் பெயர்களைப் பாருங்கள்: தனாகா, யமாமொட்டோ, கென். சொல் உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்' போன்ற ஒரே ஒரு மூக்கொலியில் முடியும். இந்த ஒரு விதியே போதும், நடுவில் ஒரு 'ஹென்ரிக்' வந்தால் அவர் வெளிநாட்டவர் என்று ஜப்பானிய மொழி தெரியாதவருக்கும் பட்டுவிடும்.

தமிழிலும் அப்படித்தான். தொல்காப்பியத்தின்படி ட, ர, ல போன்றவை சொல்லின் முதலில் வராது, வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. அந்த விதி உயிரோடு இருந்ததற்குச் சான்று, வெளியிலிருந்து வந்த சொற்களை நாம் மாற்றிய விதம்: லோகம் உலகமானது, லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். ஹவாய் மொழியில் எட்டே மெய்கள், ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியும், அவர்கள் 'மெர்ரி கிறிஸ்மஸ்' சொன்னால் 'மெலே கலிகிமக்கா' என்று வரும்.

எனவே முதலில் வெட்டுங்கள். ஒன்பது மெய் போதும்: ந, ம, ல, க, த, ர, வ, ய, ஸ. பகரம் கிடையாது, சகரம் கிடையாது, ட ண ள ழ ற எதுவும் கிடையாது. பகரம் இல்லாத மொழியா என்று தயங்க வேண்டாம், அரபியில் அது இல்லை, பார்ஸ் என்ற நாட்டுப் பெயர் அவர்கள் வாயில் ஃபார்ஸ் ஆனது. உயிரில் அ, ஆ, இ, உ, ஏ ஐந்தும் போதும், ஒ ஓ வேண்டாம். கிரந்தத்தில் ஸ ஒன்றை மட்டும் விட்டு வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஜ, ஷ, ஹ, க்ஷ எல்லாம் கலந்தால் தமிழ் வாசகர் காதில் உடனே வடமொழி வாடை வரும். மோக்ஷார் என்றதும் எனக்கு மோட்சம்தான் நினைவுக்கு வந்தது.

தாளம்போடு

இவ்வளவு தேவையா? ஒலிக்கே குணம் உண்டு. 1929-இல் கோலர் என்ற உளவியலாளர் கூர்மையான ஓர் உருவத்தையும் உருண்டையான ஓர் உருவத்தையும் காட்டிப் பெயர் பொருத்தச் சொன்னார், 2001-இல் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் கிக்கி, பூபா என்ற சொற்களை வைத்து அதையே செய்தார்கள். மக்கள் பெரும்பாலும் கூர்மைக்குக் கிக்கி, உருண்டைக்குப் பூபா என்றார்கள். ஆக நல்லவர்களுக்கு ம, ல, ந வைத்து மென்மையான பெயர், வில்லனுக்குக் க, ட, ர்க் வைத்துக் கரடுமுரடான பெயர். வாசகர் மனதில் தானாகப் பதியும். ஸார்க்வென் வில்லன் என்றால் அந்தப் பெயரை மாற்றவே கூடாது.

மெய்ம்மயக்கம்

அந்தச் சோதனைகள் உண்மைதான், ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பை மறுக்கவில்லை. ஆனால் ஸார்க்வென்னுக்குப் பெயர் வைத்தவர்கள் அவனுடைய அப்பா அம்மா. பிள்ளை பெரியவனாகி ஊரைக் கொளுத்துவான் என்று தொட்டிலிலேயே தெரிந்து 'ர்க்' சேர்த்திருக்க மாட்டார்கள். அவனும் யேமுக்காரன் என்றால் அவன் பெயரும் அந்த ஒன்பது மெய்யில்தான் பிறக்க வேண்டும். அந்த ஒன்பதுக்குள் க, த, ஸ மிகுந்த வேர்களை அவனுக்குக் கொடுங்கள், 'கஸ்தார்' என்று வையுங்கள், நீங்கள் சொல்லும் கடுமை கிடைக்கும், மொழியும் உடையாது.

வாசகி_கண்

நான் கையெழுத்துப் படிகளைப் பிழை திருத்துபவள். தமிழில் எழுதும் கற்பனைக் கதைகளில் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. பெயரின் கடைசி எழுத்து நம் வேற்றுமை உருபோடு மோதும்.

உங்கள் பட்டியலையே எடுங்கள். "தோரில் வந்து நின்றான்" என்று எழுதினால் தோர் என்ற இடத்தில் யாரோ வந்து நின்றதாகப் படிக்கிறேன். "ஜுவாரின் வாள்" என்றால் ஆளின் பெயர் ஜுவாரா ஜுவாரினா? "கேலை அடித்தான்" என்பதில் அடித்தவன் கேலையா, அடி வாங்கியவன் கேல் என்ற ஒருவனா? முதல் தடவை வாசகர் நின்று யோசித்துச் சரிசெய்துகொள்வார், நூறாவது தடவை எரிச்சல்தான் வரும். ஆக -இல், -இன், -ஆல், -ஐ, -உம் என்று முடியும் பெயர்களைத் தொடவே வேண்டாம். ஓகாரத்தில் முடிந்தால் "கேலோ வந்தான்?" என்று ஐயக் கேள்வி மாதிரி ஒலிக்கும், நல்ல வேளையாக உங்களிடம் இப்போது ஓ இல்லை.

இன்னொன்று, -அர் என்று முடிந்தால் பலர்பால் அல்லது மரியாதை என்று தோன்றும். 'நேமர்' ஒரு ஆளா, ஒரு கூட்டமா? அதை ஆள் பெயருக்கு வைக்காமல் குலப் பெயருக்கு வைத்தால் அதுவே வசதியாகிவிடும்.

நற்பெயர்க்களஞ்சியம் தந்த பெயர்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஆதன், நன்னன் என்று 'ன்' வந்தால் ஆண் என்று நாம் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். யேமுவில் பெண் பெயர் 'ன்'னில் முடிந்தால் முதல் பத்தியிலேயே அவள் பெண் என்று தெரியும்படி எழுத வேண்டியிருக்கும்.

வடக்குக்காற்று

இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. அப்படியானால் சொல்லிறுதிக்கு என்ன விதி வைக்கலாம்? உயிரில் மட்டும் முடியட்டும் என்று வைத்துவிடவா?

மெய்ம்மயக்கம்

உயிரில் மட்டும் என்றால் எல்லாப் பெயரும் ஒரே தாளத்தில் முடியும், இருபது பேர் இருக்கும் நாவலில் சலிக்கும். இப்படிச் செய்து பாருங்கள். எழுத்தசை என்பது ஒரு மெய், ஓர் உயிர், விரும்பினால் கடைசியில் ன், ர், ல், ஸ் நான்கில் ஒன்று. மெய் இல்லாமல் உயிரில் தொடங்கவும் செய்யலாம். சொல்லுக்கு நடுவில் இந்த நான்கும் வரலாம். சொல்லின் கடைசியில் மட்டும் ல் நிற்காது, விழுந்துவிடும். அதோடு -இல், -ஆல் பயம் போய்விடும். 'இன்' என்று முடியும் வேர்ச்சொல்லையே உருவாக்காமல் விட்டால் -இன் தொல்லையும் இல்லை.

அடுத்து வேர்ச்சொற்கள். பெயர் என்பது பல மொழிகளில் வெறும் ஒலிக்கோவை இல்லை, இரண்டு பொருள்களின் சேர்க்கை. நெடுஞ்செழியன், செங்குட்டுவன் எல்லாம் அப்படி. 12 வேர்கள் இருந்தாலே நாவலுக்குத் தாராளம். நான் ஐந்து தருகிறேன்: கவு என்றால் பருந்து, தால் என்றால் ஆறு, நேஸ் என்றால் வெண்மை, ருன் என்றால் காவல், லேமா என்றால் பிள்ளை.

இவற்றை ஒட்டும்போதுதான் மொழிக்கு உயிர் வருகிறது. நெடுமையும் செழியனும் சேர்ந்தால் நடுவில் ஞ் வருகிறது, பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறது. யேமுவுக்கும் அப்படி இரண்டே விதி வைப்போம். 'ன்'னுக்குப் பின் ல வந்தாலும் 'ல்'லுக்குப் பின் ர வந்தாலும் 'ல்ல' ஆகும், முன்னால் நெடில் இருந்தால் குறுகும். இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ஸ், ர ஆகும். இரண்டாவது விதி லத்தீனில் நிஜமாகவே நடந்தது, பூவுக்கு 'ஃப்ளோஸ்', பூவினுடைய என்றால் 'ஃப்ளோரிஸ்'.

இப்போது சேருங்கள். காவல் பிள்ளை: ருன், லேமா, ருல்லேமா. ஆற்றுக் காவல்: தால், ருன், தல்லுன். வெண்பருந்து: கவு, நேஸ், கவுனேஸ். பெண் பெயருக்கு ஆ சேர்ப்பது வழக்கம் என்று வைத்தால் அவனுடைய தங்கை கவுனேஸா இல்லை, கவுனேரா. அண்ணன் கவுனேஸ், தங்கை கவுனேரா. விதியை நீங்கள் எங்குமே விளக்க வேண்டாம், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது வாசகர் காதுக்கே புரியும்.

ஊர்ப் பெயரிலும் இது வேலை செய்யும். கவு, தால் சேர்ந்து பருந்தாறு. கடைசி ல் விழுவதால் ஊரின் பெயர் கவுதா. அந்த ஊர்க்காரரைக் குறிக்க இ சேர்த்தால் விழுந்த ல் திரும்ப எழும்: கவுதாலி. வாசகர் இரண்டையும் பார்க்கும்போது இந்த மொழிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதாக நம்பத் தொடங்குவார்.

சதுரங்கக்குதிரை

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் நாவல் இல்லை, ஒரு கேமுக்கு ஊர்க்காரர்கள் 300 பேருக்குப் பெயர் வேண்டும். ஒட்டி ஒட்டி 300 செய்ய நேரமில்லாததால் நிரல் எழுதினேன். மெய்ம்மயக்கம் சொன்ன எழுத்துகளைப் போட்டுப் பார்த்தேன்:

```python
import random
mei    = ["ந","ம","ல","க","த","ர","வ","ய","ஸ"]
uyir   = ["", "ா", "ி", "ு", "ே"]
iruthi = ["", "", "", "ன்", "ர்", "ஸ்"]

def asai():
    return random.choice(mei) + random.choice(uyir)

for _ in range(20):
    print(asai() + asai() + random.choice(iruthi))
```

பட்டியலுக்கு வெளியே எந்த எழுத்தும் வரவில்லை, ஆனாலும் வருபவை இயந்திரம் துப்பியது போல இருக்கின்றன. ஸுயே, யிஸுஸ், வுயுர் என்றெல்லாம். எங்கே தவறுகிறது?

மெய்ம்மயக்கம்

எல்லா எழுத்துக்கும் சம வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த இயற்கை மொழியிலும் ஒலிகள் சமமாக வருவதில்லை, சில ஒலிகள் ஓயாமல் வரும், சில எப்போதாவது எட்டிப்பார்க்கும். எடை கொடுங்கள்:

```python
random.choices(mei, [9,8,8,6,6,5,3,2,1])[0]
```

உயிருக்கும் அதே போல, அ, ஆ அதிகம், உ குறைவு. இரண்டு தடைகளையும் கையால் சேருங்கள்: சொல்லின் முதலில் வகரத்தோடு உ வேண்டாம், யகரத்தோடு இ வேண்டாம். வ-வும் உ-வும் வாயில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிறப்பவை, ய-வும் இ-யும் அப்படியே, அதனால் பல மொழிகள் இந்தச் சேர்க்கைகளைத் தவிர்க்கின்றன. தமிழிலேயே வு, வூ, வொ, வோ சொல்லின் முதலில் வராது என்று விதி இருக்கிறது. உங்களுக்கு உறுத்திய மூன்றில் வுயுரும் யிஸுஸும் இந்தத் தடைகளிலேயே விழுந்துவிடும். ஸுயே விதிப்படி சரியானதுதான், ஆனால் ஸ எடை ஒன்று என்பதால் அரிதாகத்தான் வரும். சொல்லுக்கு நடுவில் ந வந்தால் ன என்று மாற்றி எழுதிவிடுங்கள், நாம் இரண்டையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம் என்றாலும் நடுவில் ந இருந்தால் கண் உறுத்தும்.

முக்கியப் பாத்திரங்களுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். கூட்டத்தில் நிற்பவருக்குப் போதும்.

தாளம்போடு

சரி, கஸ்தார் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உச்சரிப்பு? தமிழ் எழுத்தில் க என்றால் சிலர் ka என்பார்கள், சிலர் ga என்பார்கள். கவுதாவில் தா எப்படி ஒலிக்கும்? ஒவ்வொரு பெயருக்கும் அடிக்குறிப்புப் போட வேண்டும், அல்லது ஃக, ஃத என்று ஏதாவது குறி வைக்க வேண்டும்.

வாசகி_கண்

தயவுசெய்து ஆய்தம் வேண்டாம். ஃப-வுக்குப் பழகிய கண், ஃத-வைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்கும்.

மெய்ம்மயக்கம்

குறி தேவையில்லை. தமிழ் வாசகர் சொல் முதலில் வரும் க, த-வை அழுத்தமாகவும், நடுவில் தனியாக வருவதை மெலிதாகவும், மெல்லினத்துக்குப் பின் வருவதை ga, da போலவும் தானாகவே படிப்பார். அதையே யேமுவின் விதியாகவும் வைத்துவிடுங்கள். கவுதாவில் தா மெலிந்து ஒலிக்கும், அது பிழையில்லை, யேமுக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எங்காவது நடுவில் அழுத்தம் வேண்டுமென்றால் க்க, த்த என்று இரட்டியுங்கள். நம் எழுத்தால் பிரித்துக் காட்ட முடியாத வேறுபாட்டின் மேல் எந்தப் பெயரையும் கட்டாதீர்கள், அவ்வளவுதான். ஒருவன் காரு, இன்னொருவன் அதையே மெலிதாக உச்சரிக்கும் காரு என்று வைத்தால் அச்சில் இருவரும் ஒருவரே.

வடக்குக்காற்று

புதுப் பட்டியல்: கவுனேஸ் நாயகன், கவுனேரா தங்கை, தல்லுன் ஆசான், ருல்லேமா தோழி, கஸ்தார் எதிரி, நேரிமா அரசி. நேரிமாவுக்கு நேஸோடு இமா என்ற வேர் சேர்த்தேன், இமா என்றால் விடியல். நடுவில் மாட்டிய ஸ், ர ஆனது.

வடக்கிலிருந்து படையெடுத்து வரும் அரசன் ஒருவனும் உண்டு, அவன் யேமுக்காரன் இல்லை. அவன் பெயர் ப்ரெட்டோக். அவனுடைய மொழியில் பகரம், ஓகாரம், மெய்க்கூட்டம் எல்லாம் உண்டு என்று வைத்திருக்கிறேன். யேமுக்காரர்கள் அவனை எப்படி அழைப்பார்கள்?

மெய்ம்மயக்கம்

இலக்குவனுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கும். பகரம் இல்லை, பக்கத்தில் இருப்பது வ. சொல் முதலில் இரண்டு மெய் சேராது, நடுவில் அ நுழையும். குறில் எ இல்லை, ஏ ஆகும். ட இல்லை, த ஆகும். ஓ இல்லை, ஆ ஆகும். கடைசியில் க் நிற்காது, உகரம் சேரும். வரேதாகு.

கதையில் இதைப் பயன்படுத்துங்கள். சாதாரண மக்கள் வரேதாகு என்பார்கள், அவன் நாட்டில் தூதராக இருந்து வந்தவர் ஒருவர் மட்டும் ப்ரெட்டோக் என்று சரியாகச் சொல்வார். அவர் யார் பக்கம் என்ற சந்தேகம் அந்த ஒரு சொல்லிலேயே சபைக்கு வந்துவிடும்.

வாசகி_கண்

பட்டியல் நன்றாக இருக்கிறது, ஒரு எச்சரிக்கை. கவுனேஸ், கவுனேரா இருவரும் ஒரே காட்சியில் அடிக்கடி வந்தால் வேகமாகப் படிப்பவர் குழம்புவார், முதல் மூன்று எழுத்தும் ஒன்று. விதிகள் இறுகும்போது பெயர்கள் ஒன்றையொன்று நெருங்கும், அது இந்த முறையின் இயல்பான குறை. ஒருவருக்கு வீட்டுப் பெயர் கொடுங்கள், தங்கையை எல்லோரும் 'நேரா' என்று கூப்பிடட்டும். முழுப்பெயர் சடங்கிலும் சண்டையிலும் வரட்டும். தமிழில் நேரா என்றால் 'நேராக' என்பதன் பேச்சு வடிவமாகவும் தெரியும், "நேரா வந்தாள்" என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பொதுவாக ஒவ்வொரு பெயரையும் ஐந்தாறு வாக்கியத்தில் வைத்து எழுதிப் பாருங்கள்: தல்லுனை, தல்லுனுக்கு, தல்லுனிடம், தல்லுனோடு, தல்லுனும். நாக்கு தடுக்காமல் போனால் அந்தப் பெயர் தேறிவிட்டது. அப்புறம் உங்கள் மொழி தெரியாத ஒருவரிடம் இந்தப் பெயர்களோடு விதிக்கு வெளியே இரண்டு பெயரைக் கலந்து கொடுத்து, எவை சேரவில்லை என்று கேளுங்கள். அவர் விளக்கம் இல்லாமலே அந்த இரண்டையும் எடுத்துக் காட்டினால் மொழி பிடிபட்டிருக்கிறது. வேறு எதையாவது காட்டினால் அந்தப் பெயரில்தான் ஏதோ உறுத்துகிறது.

வடக்குக்காற்று

கடைசியாக ஒன்று. எல்லாப் பெயரும் விதிக்கு அடங்கினால் செயற்கையாக இருக்காதா? எல்தாமிர் என்ற பெயரை விட மனம் வரவில்லை. ஒரு பழைய மலைக்கு அதை வைக்கலாமா?

தாளம்போடு

வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு விதி போட்டுவிட்டு நீங்களே மீறினால் வாசகர் அதைக் கவனக்குறைவு என்றுதான் எடுப்பார்.

மெய்ம்மயக்கம்

நான் வைப்பேன். ஆறுகளும் மலைகளும் பெயர்களை எளிதில் விடுவதில்லை. தேம்ஸ் ஆற்றின் பெயர் அங்கே ஆங்கிலம் வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. யேமுக்காரர்களுக்கு முன் அந்த மலையில் வேறு மக்கள் இருந்தார்கள் என்பதற்கு எல்தாமிர் தடயமாக இருக்கட்டும். ஆனால் குறில் எ யேமுவில் இல்லாததால் அவர்கள் வாயில் அது ஏல்தாமிர் ஆகும். அந்தப் பழைய மக்களின் பெயர் இன்னும் ஒன்றிரண்டாவது, அதே சாயலில், வேறொரு இடத்தில் வர வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் தாளம்போடு சொல்வது நடக்கும்.

சதுரங்கக்குதிரை

எடை போட்டதும் பெயர்கள் மாறிவிட்டன, லாமே, நதார், கானிஸ் என்று வருகின்றன. நதாரில் முடியும் 'ஆர்' தமிழில் மரியாதை விகுதி மாதிரி இருக்கிறதே, அதை எடுத்துவிடவா?

வாசகி_கண்

எனக்கு உறுத்துகிறது. "நதார் வந்தான்" என்று எழுதினால் மரியாதை கொடுத்து உடனே பிடுங்கியது போல இருக்கிறது. கஸ்தாருக்கும் இதையே சொல்வேன், அதற்கு ஓர் உகரம் சேர்த்துக் கஸ்தாரு ஆக்கலாம்.

தாளம்போடு

கஸ்தாரு என்றால் கடுமை போய்விடும். சேகர் வந்தான் என்று எழுதுகிறோமே, அது யாரையும் உறுத்துவதில்லை. கஸ்தார் அப்படியே இருக்கட்டும்.